நவோதயா பரீட்சையும் ஞாயித்துக்கிழமை வயித்து வலியும்

வணக்கம் மேடம், நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம். பொண்ணு அஞ்சாவது படிக்கிறா, தமிழ் மீடியம். மலம்புழால இருக்கற நவோதயா, மத்திய அரசோட ஹாஸ்டல் ஸ்கூல், அதுல ஆறாவது சேர்க்கறதுக்கு பரீட்சை எழுத வைக்கிறோம், இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. ஒரே ஒரு தடவைதான் எழுத முடியுமாம். பொள்ளாச்சில இருக்கற எங்கக்கா போன் பண்றப்ப எல்லாம் 'தமிழ்நாட்டுல நவோதயாவே இல்ல, உங்களுக்கு கிடைச்சிருக்கு, விட்றாத'ங்கறா. நான் பத்தாவதுல கணக்குல போனவ, அப்புறம் தையல் மெஷின்தான். இவளாவது படிக்கட்டும்னு ராத்திரி நானே உக்காந்து கணக்கு சொல்லித்தரேன். அவங்க அப்பா லாரி ஓட்றாரு, வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்தா அதிகம். நான் அடிச்சதில்ல, திட்டினதில்ல, எப்பவும் 'பயப்படாத கண்ணு, உனக்கு கண்டிப்பா கிடைக்கும்'னுதான் சொல்வேன். ஆனா ஞாயித்துக்கிழமை ட்யூஷன்ல மாடல் டெஸ்ட்னா எந்திரிச்சதும் வயித்த வலிக்குதுங்கறா. எழுதினத அழிச்சு அழிச்சு பேப்பரே கிழியுது. போன வாரம் 'எனக்கு கிடைக்கலன்னா நீ அழுவியாம்மா'ன்னு கேட்டா, 'ச்சீ, அம்மா எதுக்கு அழறேன்'னுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். நான் தைரியமாத்தான பேசறேன், அவளுக்கு பயம் எங்கிருந்து வருது மேடம்?

---

வணக்கம்மா. முதல்ல அந்த வயித்த பார்த்துடுவோம், ஏன்னா நடிக்கிறாளோன்னு வீட்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. நடிப்பில்ல, வலி நிஜம். பயம் வந்தா குடலோட அசைவு மாறும், வயித்து தசை இறுகும், பெரியவங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கற மாதிரி இந்த வயசுல நிறைய பிள்ளைங்களுக்கு தொப்புளைச் சுத்தி வலிக்கும். டெஸ்ட் இருக்கற நாள்ல மட்டும் வந்து மதியத்துக்குள்ள தானா போய், சாயங்காலம் நல்லா சாப்பிட்டு விளையாடினா பெரும்பாலும் அது பயத்தோட வலிதான். ஆனா ராத்திரி தூக்கத்துல எழுப்புற வலி, வாந்தி, காய்ச்சல், எடை குறையறது, மலத்துல ரத்தம், ஒண்ணுக்கு போறப்ப எரிச்சல், வலது பக்கம் கீழ வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே டாக்டர். எதுவுமே இல்லன்னாலும் ஒரு தடவை ஹெல்த் சென்டர்ல காட்டிடுங்க, அது முக்கியமா உங்களுக்காக, 'உள்ள வேற ஏதாவது இருக்குமோ'ங்கற சந்தேகம் உங்க முகத்துல இருந்து போகணும்ல.

முகம்னு சொன்னது சும்மா இல்ல. 1985ல அமெரிக்காவுல ஒரு வயசு குழந்தைங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. கண்ணாடி போட்ட ஒரு மேஜை, பாதிக்கு மேல போனா கீழ பள்ளம் இருக்கற மாதிரி தெரியும், குழந்தைக்கு தாண்டலாமா வேண்டாமான்னு சந்தேகம் வர்ற அளவு பள்ளம். அந்தப் பக்கம் அம்மா நிப்பாங்க, ஆனா வாயத் திறக்கக்கூடாது, முகத்தை மட்டும் காட்டணும். அம்மா சிரிச்சப்ப 19ல 14 குழந்தைங்க தாண்டிப் போச்சு. பயந்த முகம் காட்டினப்ப 17ல ஒண்ணு கூட தாண்டல. பேச்சே புரியாத வயசுல இது. உங்க பொண்ணுக்கு பத்து வயசு, இத்தன வருஷமா உங்க முகத்தையே பாத்து வளர்ந்தவ. 'கண்டிப்பா கிடைக்கும்'னு நீங்க சொல்றப்ப கேக்கறது காது, ஆனா அவ நம்பறது ட்யூஷன் விட்டு வந்ததும் செருப்பக் கூட கழட்டல அதுக்குள்ள 'இன்னிக்கு எத்தன'ன்னு நீங்க நிமிந்து பாக்கறீங்களே அந்தப் பார்வைய. அக்காகிட்ட போன்ல நீங்க பேசறது பக்கத்து ரூம்ல கேக்காதுன்னு நெனைக்காதீங்க, பிள்ளைங்களுக்கு அந்த மாதிரி பேச்சுதான் நல்லா கேக்கும்.

அப்புறம் ராத்திரி கணக்கு. 2015ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு இருக்கு, ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்க மேல பண்ணது, உங்க பொண்ணு அதைவிட பெரியவதான், ஆனாலும் சொல்றேன். கணக்குன்னா பயப்படற அப்பா அம்மா அடிக்கடி ஹோம்வொர்க்ல உக்காந்து உதவி பண்ணப்ப, வருஷக் கடைசில அந்தப் பிள்ளைங்க கணக்கு கம்மியா கத்துக்கிட்டிருந்தாங்க, கணக்கு பயமும் ஏறியிருந்தது. அதே மாதிரி பயம் உள்ள ஆனா அவ்வளவா உதவிக்கு உக்காராத பெத்தவங்களோட பிள்ளைங்ககிட்ட அது தெரியல. ரீடிங்ல இந்த வித்தியாசம் வரல, கணக்குல மட்டும்தான். என்ன நடக்குதுன்னு நான் பாக்கற வீடுகள்ல கவனிச்சிருக்கேன், பிள்ளை யோசிக்க பத்து செகண்டு எடுத்துக்கும், அம்மாவால அந்த பத்து செகண்ட தாங்க முடியாது, மூச்ச ஒரு தடவை பலமா விடுவாங்க, இல்ல பென்சில வாங்கி தன் ஸ்கூல்ல படிச்ச முறைல போட்டுக் காட்டுவாங்க, டீச்சர் முறை வேற. அப்ப பிள்ளையோட மூளைல பாதி கணக்குல இருக்கும், மீதி பாதி 'அம்மா கோவமா இருக்காளா'ன்னு பாத்துட்டு இருக்கும். கணக்கு போட மனசுல இடம் வேணும், கடன் வாங்கினது, மீதி வந்ததெல்லாம் அங்கதான் நிக்கணும், அந்த இடத்த கவலை எடுத்துக்கும்.

அதனால கணக்கு மேஜைய விட்டு நீங்க எந்திரிச்சுடுங்க, இந்த வாரமே. கணக்க ட்யூஷன் டீச்சர்கிட்ட முழுசா விட்டுடுங்க, நீங்க பக்கத்துல தைச்சுட்டு இருந்தா போதும். பயந்த அளவுக்கு நவோதயா பரீட்சைல பெரிசா ஒண்ணும் இல்ல, மொத்தம் 80 கேள்வி, 100 மார்க், 2 மணி நேரம், அதுல கணக்கு 20 கேள்வி 25 மார்க்குதான், பாதி மார்க் படம் பாத்து யோசிக்கற கேள்விக்கு, மீதி மொழிக்கு. தப்புக்கு மார்க் குறைக்கறதும் கிடையாது. இன்னொண்ணு, ஓஎம்ஆர் ஷீட்ல பால்பாயின்ட் பேனாலதான் ரவுண்ட நிரப்பணும், பென்சில் கூடாது, ஒரு தடவை நிரப்பினா மாத்தவும் முடியாது. ரப்பரோட பழகற பிள்ளை அந்த ஹால்ல முதல் கேள்விலயே நின்னுடும். ஆனா ரப்பர திடீர்னு புடுங்காதீங்க, அழுதுடுவா. முதல்ல அஞ்சு சுலபமான கேள்வி பேனால, தப்பானாலும் அப்படியே விடணும், திருத்தம் பக்கத்துல எழுதிக்கலாம். தப்பு பேப்பர்ல அப்படியே இருக்கு, ஒண்ணும் ஆகலன்னு கையே பாத்துக்கும். ரெண்டு மூணு நாளுக்கு அப்புறம் பத்து கேள்வி.

இப்ப அந்த 'நீ அழுவியா'. இதுதான் உங்க கடிதத்துல ரொம்ப முக்கியமான வரின்னு எனக்கு படுது. அவ மார்க்க பத்தி கேக்கல, உங்கள பத்தி கேக்கறா. நவோதயா ஹாஸ்டல் ஸ்கூல். அப்பா லாரில. அவ போயிட்டா வீட்ல நீங்க தனியா. கிடைக்கலன்னா அம்மா அழுவா, கிடைச்சா அம்மாவ விட்டுட்டு போகணும், அந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் போனாலும் வழி இல்ல. வலி பரீட்சையோடதுன்னு நாம நெனச்சுட்டு இருக்கோம், பாதி ஹாஸ்டலோடதா கூட இருக்கலாம். சாப்பிட வச்சுட்டு சாதாரணமா கேளுங்க, 'அங்க போய் தங்கறது உனக்கு எப்படித் தோணுது'ன்னு. கேட்டுட்டு சும்மா இருங்க, உடனே 'ஜாலியா இருக்கும்'னு நிரப்பாதீங்க. போகவே பிடிக்கலன்னு சொன்னா அத வச்சு நீங்களும் அவங்க அப்பாவும் மறுபடி யோசிக்கணும், எழுதறது வேற, சேர்றது வேற.

அந்தக் கேள்விக்கும் இன்னொரு தடவை பதில் சொல்லுங்க, ஏன்னா 'எதுக்கு அழறேன்'ங்கறத அவ நம்பியிருக்க மாட்டா, உங்க கண்ணு சிவந்தத பாத்திருப்பா. 'கிடைக்கலன்னா எனக்கு வருத்தமா இருக்கும், ஒருவேளை அழுவேன் கூட. அப்புறம் சரியாகிடும். அத நானும் அப்பாவும் பெரியம்மாவும் பாத்துக்குவோம், அது உன் வேலை இல்ல சாமி.' இவ்ளோதான். அப்புறம் கிடைக்கலன்னா என்ன நடக்கும்னும் சொல்லிடுங்க, இது நிறைய பேர் சொல்றதே இல்ல. கேரளாவுல அப்பர் பிரைமரி அஞ்சாவதுல இருந்து ஏழாவது வரைக்கும், அதனால ஜூன்ல அவ அதே ஸ்கூல்ல, அதே ஃப்ரெண்ட்ஸோட ஆறாவதுல உக்காருவா. ஒரு தடவைதான் எழுத முடியும்ங்கறது உண்மைதான், ஆனா எழுதி கிடைக்காத பிள்ளை கைல இருக்கற எதையும் இழக்கல. அவளுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் இத யாராவது சொல்லணும்.

அவ திரும்பத் திரும்ப 'கிடைக்குமாம்மா'ன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் 'கண்டிப்பா'ன்னு சொல்லாதீங்க. சொன்ன உடனே பயம் குறையும், கொஞ்ச நேரத்துல மறுபடி ஏறும், மறுபடி கேப்பா, அப்படியே அவளோட தைரியம் முழுக்க உங்க வாய்ல மாட்டிக்கும். 'அதுக்கு அம்மா பதில் சொல்லியாச்சு, உனக்கு கவலை வந்திருக்கு போல, வா மாவு எடுத்து வைக்கலாம்'னு விட்டுடுங்க. முதல் வாரம் அதிகமா கேப்பா, அழுவா, வலியும் கொஞ்சம் கூடலாம், அதப் பாத்து பழையபடி போயிடாதீங்க. ஞாயித்துக்கிழமை டெஸ்ட நிறுத்தி கூட படுக்க வச்சுக்கவும் வேண்டாம், அப்ப வலிச்சா தப்பிக்கலாம்னு உடம்பு கத்துக்கும். இட்லி ஒண்ணு ரெண்டு, கொஞ்ச நேரம் உக்காரட்டும், லேட்டானாலும் போகட்டும், பாதி பேப்பர் எழுதினா போதும்னு டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. திரும்பி வந்ததும் மார்க் கேக்காதீங்க, அவளா சொன்னா கேளுங்க. மூணு நாலு வாரத்துல வலி எவ்ளோ நேரம் இருக்குன்னு பாருங்க, அது குறைஞ்சாலே நல்ல அடையாளம், முழுசா போகணும்னு இல்ல.

கடைசியா, பத்தாவதுல கணக்குல போனப்ப என்ன நடந்ததுன்னு நீங்க யார்கிட்டயாவது முழுசா பேசியிருக்கீங்களா? அக்காகிட்ட பேசுங்க, பொண்ணு ஸ்கூல்ல இருக்கற நேரமா பாத்து. 'விட்றாத'ன்னு சொல்றத பரீட்சை முடியற வரைக்கும் நிறுத்தச் சொல்லுங்க, அவங்க கெட்டவங்க இல்ல, அவங்களுக்கும் பயம்தான். உங்களுக்கு ராத்திரி தூக்கம் ரெண்டு வாரத்துக்கு மேல சரியில்லன்னா, நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கலன்னா, 14416க்கு கூப்பிடுங்க, டெலிமானஸ்ங்கற மனநல உதவி லைன், காசு இல்ல, தமிழ்லயும் பேசலாம். கேரளாவுல 1056ம் இருக்கு, திஷா. பொண்ணு டெஸ்ட் மட்டும் இல்லாம ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு ஆரம்பிச்சா, இல்ல தன்னையே திட்டிக்கிட்டா, செத்துடலாம்ங்கற மாதிரி ஏதாவது பேசினா, பரீட்சை முடியட்டும்னு காத்திருக்காம அன்னிக்கே கூப்பிடுங்க.