தண்ணீர் பட்டால் ஓவியம் தெரியும், காய்ந்தால் மறையும்

கேள்வி: கொத்தனாரிடம் வேலை பழகும் ஒரு பையனை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். பழைய கட்டடத்தின் சுவரில் பூச்சுக்கு அடியில் மறைந்துபோன ஓவியத்தை ஓர் ஓவியப் பாதுகாப்பு நிபுணர் வெளியே கொண்டுவருவதை அவன் பார்க்கிறான். அவர் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க ஓவியம் பளிச்சென்று வருவதாக எழுதியிருக்கிறேன். ‘இப்படியெல்லாம் நடக்காது’ என்கிறார் நண்பர். அப்படியானால் அவன் கண்ணில் என்னதான் படும்?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். ஆனாலும் அந்த ஈரத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். காய்ந்த சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் நிறைய உண்டு. அவற்றில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால்தான் பூச்சு வெள்ளையாகத் தெரிகிறது. துளைகளில் தண்ணீர் புகுந்ததும் பூச்சு கண்ணாடி போலாகி, அடியில் இருக்கும் நிறம் மேலே தெரியும். சில நிமிடங்களில் ஈரம் காய்ந்ததும் பழையபடி வெள்ளை மூடிக்கொள்ளும். உங்கள் பையனுக்கு இது புதிதாக இருக்காது. வெள்ளையடிக்கும்போது தூரிகை போன இடம் முதலில் ஒன்றுமே பூசாததுபோல் இருந்து, காயக் காய வெளுப்பதை அவன் தினமும் பார்த்திருப்பான். நிபுணருக்கு முன்பே அவன் புரிந்துகொள்ளக்கூடிய ஒன்று இது.

நிபுணர் இந்த ஈரத்தைத் துணியால் தேய்த்துக் காட்ட மாட்டார். பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்து ஒரே இடத்தில் ஒற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார், அதோடு சரி. சுவருக்குள் இருக்கும் உப்பு தண்ணீரில் கரைந்து மேலே வந்து, காயும்போது நிறத்துக்குப் பின்னால் படிகமாக வளரும். வளர்ந்து நிறத்தை வெளியே தள்ளும். அடிச்சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்வதைப் பையன் பார்த்திருப்பானே, அதே வேலைதான் இங்கே ஓவியத்தில் நடக்கும். காய்ந்த சுவரில் பசை கலந்து தீட்டிய ஓவியமாக இருந்தால் இன்னும் மோசம், துடைக்கிற துணியிலேயே நிறம் வந்துவிடும்.

அப்படியென்றால் மேல்பூச்சை எப்படி எடுப்பது? ஏதாவது திரவம் ஊற்றிக் கரைக்கலாம் என்று தோன்றும். ஈரச் சாந்தின் மேல் தீட்டிய ஓவியத்தில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புதான். சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது நிறத்துகள்களும் அதற்குள் கட்டுண்டு போகின்றன. மேலே அடித்த வெள்ளையும் அதே பொருள். வெள்ளையைக் கரைக்கிற அமிலம் ஓவியத்தையும் கரைத்துவிடும். அதனால் இது பெரும்பாலும் கத்தி வேலை. முனை வளைந்த அறுவைக் கத்தியைச் சுவரோடு ஏறக்குறைய படுக்கவைத்து, பூச்சின் ஓரத்துக்கு அடியில் நுழைத்து, செதில் செதிலாக எழுப்புவார்கள். நெற்றியில் பூதக்கண்ணாடி, பக்கவாட்டில் இருந்து சாய்வாக விழும் விளக்கு. நேராக விளக்கடித்தால் தெரியாத மேடுபள்ளமெல்லாம் சாய்ந்த ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும்.

வேலை தொடங்குவது ஒரு சின்னச் சதுரத்தில். ஓரத்தில் கிடைக்கும் ஒரு சில சென்டிமீட்டர் இடத்தில், ஒவ்வொரு பூச்சிலும் ஒரு பட்டை விட்டு வைத்து, படிக்கட்டுபோல் கீழே இறங்குவார்கள். எத்தனை முறை வெள்ளையடித்திருக்கிறார்கள், எந்த அடுக்கு எளிதாகப் பிரிகிறது, நடுவில் இன்னொரு ஓவியம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அடம்பிடிக்கும் சுவரில் ஒரு முழு நாளில் உள்ளங்கை அகலம் திறந்தாலே நல்ல வேலை. உங்கள் கதையில் ஒரே மாலையில் முழு உருவமும் வந்துவிட்டால், அது துணியைவிடப் பெரிய பிழை. கதை ஒரு நாளில் முடிய வேண்டுமென்றால் ஒரு சதுரத்தோடு நிறுத்துங்கள்.

அந்தச் சதுரத்தில் என்ன இருக்கும்? பெரும்பாலும் செம்மண் சிவப்பு, மஞ்சள் காவி, கரி. சுண்ணாம்போடு ஒத்துப்போய் நிலைத்து நிற்பவை இந்த மண் நிறங்களும் கரியும்தான். நீலத்தைப் பல இடங்களில் கடைசியாகப் பசை கலந்து வைத்திருப்பார்கள், அது உதிர்ந்து அடியிலுள்ள சாம்பல் பூச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். வெள்ளைக்கு ஈயம் கலந்திருந்தால் அது கறுத்துப்போயிருக்கலாம். ஆக, வெளிப்படும் முகத்தில் கன்னம் கறுப்பாக இருந்தால் நிழல் தீட்டியிருக்கிறார் என்று பையன் நினைக்கட்டும், நிபுணர் அது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது என்று சொல்லட்டும்.

கதைக்கு நான் மிகவும் பரிந்துரைப்பது வேறொன்று. ஓவியத்தை மூடியது வெறும் வெள்ளையா, புதுச் சாந்துப் பூச்சா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சாந்து என்று வைத்துக்கொண்டால், ஓவியம் முழுக்கக் கொத்துப் பள்ளங்கள் இருக்கும். வழவழப்பான சுவரில் புதுச் சாந்து ஒட்டாது, பிடிப்புக்காக முதலில் கொத்திவிட வேண்டும். அந்தக் காலத்துக் கொத்தனாரும் ஓவியத்தின் மேல் அப்படியே கொத்தியிருப்பார். நிபுணருக்கு அது சேதம். பையனுக்கோ போன வாரம் அவனே செய்த வேலை. பள்ளங்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரிசையாகப் போவதையும், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதையும் பார்த்து, கொத்தியவர் வலது கைக்காரர் என்றும், கைக்கு எட்டாத உயரத்தில் வரிசை கோணுவதால் சாரத்தை மாற்றாமலே எட்டிக் கொத்தியிருக்கிறார் என்றும் அவனால் சொல்ல முடியும். நிபுணர் கோடுகளைப் படிக்கிற சுவரில் அவன் பள்ளங்களைப் படிக்கிறான். “தம்பி, முகத்துல மட்டும் ஏன் கொத்து கம்மியா இருக்கு?” என்று அவர் கேட்டால், பதில் சொல்லத் தகுதியுள்ளவன் அவன்தான். ஆனால் நிச்சயமாகச் சொல்ல விடாதீர்கள். தயங்கிக் கொத்தினாரா, அந்த இடம் ஏற்கெனவே சொரசொரப்பாக இருந்ததா என்பது பள்ளத்தை மட்டும் பார்த்துத் தெரியாது.

இன்னொரு இடத்தில் அவன் காது உதவும். விரல் முட்டியால் தட்டினால் ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியாகச் சத்தம் தரும், சுவரைவிட்டு விலகியிருந்தால் பொக்கென்று கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் கத்தி நின்றுவிடும். மேலே மெல்லிய காகிதம் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இருக்கிற விரிசல் வழியே ஊசியால் முதலில் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து செலுத்தித் தூசியை நனைத்து, பிறகு நீர்த்த சுண்ணாம்புக் கலவையைச் செலுத்துவார்கள். பஞ்சு வைத்த பலகையால் மெதுவாக அணைத்து, இறுகும்வரை காத்திருப்பார்கள். இதில் சிமெண்ட் ஒரு கரண்டிகூடச் சேராது. அது பழைய சாந்தைவிடக் கடினம், கூடவே கரையும் உப்பையும் கொண்டுவரும். ‘சிமெண்ட் போட்டா சீக்கிரம் பிடிக்குமே’ என்று பையன் கேட்பது மிக இயல்பு.

முடிவில் பையன் அழிந்த கண்ணைத் தீட்டி முடிப்பதாக வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். எந்த நிபுணரும் அனுமதிக்க மாட்டார், அவரும் கண் வரைய மாட்டார். 1939இல் ரோமில் தொடங்கிய மத்தியக் கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் செசாரே பிராண்டி காலத்தில் அங்கே உருவான முறைப்படி, விடுபட்ட இடத்தை நீர்வண்ணத்தில் மெல்லிய நெடுக்குக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் நிறம் சேர்ந்து தெரியும், கிட்ட வந்தால் புதுக்கை என்று கண்டுபிடித்துவிடலாம், வேண்டாமென்றால் அழித்தும்விடலாம். வடிவத்தை ஊகிக்க வழியில்லாத இடத்தில் அதையும் செய்யாமல் அடங்கிய நிறத்தோடு விட்டுவிடுவார்கள்.

பையனுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமென்றால் பள்ளங்களை அடைக்கும் சாந்தைக் கொடுங்கள். நன்றாக நீற்றி நாள்பட்ட சுண்ணாம்பு, பழைய சாந்தின் நிறத்துக்கு ஒத்துவரும்வரை மாற்றி மாற்றிச் சலித்த மணல். ஈரத்தில் ஒத்துப்போவது காய்ந்தால் வெளுத்துவிடும் என்பதால், சின்னச் சின்ன வில்லைகளாக வார்த்துக் காயவைத்துச் சுவரோடு வைத்துப் பார்ப்பார்கள். அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவன் சொல் எடுபடலாம்.