வெள்ளைக்கல் படித்த பெண்ணுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் சென்ற வாரம் மனைவியோடும் மகளோடும் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். மகள் எம்.எஸ்சி. ஜியாலஜி கடைசி ஆண்டு. ஏற்காடு அடிவாரத்துக்கு இந்தப் பக்கம் கிடக்கும் வெள்ளைக்கல் சுரங்கப் பாறைகளில்தான் ஆய்வுத் திட்டம் செய்திருக்கிறாள். மேலே படிக்க ஆசை. பெங்களூரில் இருக்கும் தாய்மாமன் வேறு கணக்குப் போட்டிருக்கிறார்: அமெரிக்காவில் டேட்டா சயன்ஸ் எம்.எஸ்., 45 லட்சம் ரூபாய் கடன், ஈடாக வீட்டுப் பத்திரம். “கல்லைத் தட்டிக்கொண்டிருந்தால் யார் சோறு போடுவார்கள்?” என்று கேட்டாராம்.

கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். கடன் தொகையைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன். 11 சதவீத வட்டி என்று வைத்தால், அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வட்டி மட்டும் மாதம் 41 ஆயிரம். கணினி நிரல் எழுதவே பிடிக்காத பெண், அந்த வேலை கிடைத்தால்தான் இதை அடைக்க முடியும். இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கி மாதம் 37 ஆயிரத்தில் இங்கேயே முனைவர் பட்டம் படிக்கும் வழி எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். பலர் பார்க்காத வழி ஒன்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் துறைகளில் பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் கட்டணம் கட்டிப் படிப்பதில்லை. துறை அவருக்கு வேலை கொடுத்து, அதற்குச் சம்பளமும் தருகிறது. நம் ஊர் எம்.எஸ்சி. முடித்தவர் நேரே இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜியாலஜி போன்ற துறைகளில் விண்ணப்பம் மட்டும் போதாது. ‘இந்த மாணவியை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒரு பேராசிரியர் சொல்ல வேண்டும். அவரைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை.

தேடலைப் பல்கலைக்கழகத் தரவரிசையில் தொடங்காதீர்கள். அவளுடைய கல்லிலிருந்து தொடங்குங்கள். சேலத்து வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், மக்னீசியம் மிகுந்த பாறையோடு கரியமில வாயு சேர்ந்து உண்டானது. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கல்லாக்கிப் பூமிக்குள் பூட்டிவைக்க முடியுமா என்று ஓமன் நாட்டு மலைகளிலும் ஐஸ்லாந்தின் எரிமலைப் பாறைகளிலும் ஆராய்ச்சி நடக்கிறது. மாமன் கேலி செய்த கல்லுக்கு அங்கே மவுசு. கூகுள் ஸ்காலரில் `magnesite ultramafic carbonation` என்று தட்டி, கடந்த நான்கு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பார்க்கச் சொன்னேன். கட்டுரையின் முதல் பெயர் பெரும்பாலும் மாணவருடையது. கடைசிப் பெயரோ தொடர்பு முகவரி உள்ள பெயரோ பேராசிரியருடையதாக இருக்கும்.

அடுத்து, யாரும் படிக்காத நன்றியுரைப் பகுதிக்குப் போக வேண்டும். எந்த மானியத்தில் ஆய்வு நடந்தது என்று அங்கே எண்ணோடு இருக்கும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் மானியம் என்றால், அந்த எண்ணை `NSF Award Search` பக்கத்தில் போட்டால் தொகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் தெரிந்துவிடும். இந்த ஆண்டு தொடங்கிய மூன்றாண்டு மானியம் என்றால் அவருக்கு ஆள் தேவைப்படும். அடுத்த மே மாதம் முடிகிறது, புதிதாக வேறு எதுவும் இல்லை என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் பட்டியலில் கீழே தள்ளுங்கள். அவருடைய ஆய்வுக்குழுப் பக்கத்தில் யார் எந்த ஆண்டு சேர்ந்தார்கள், முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாதியில் காணாமல் போன பெயர்கள் அதிகம் என்றால் காரணம் இருக்கும்.

விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். கடிதம் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் போய்விட வேண்டும். அவள் எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் சேர்வது என் வாழ்நாள் கனவு என்று போனது அது. இதையே நாற்பது பேருக்கு அனுப்பலாம். அதுதான் அதன் குறை. திருத்தி எழுதினோம். தலைப்பில் எந்த ஆண்டு சேர விருப்பம், என்ன பொருள் என்பது மட்டும். முதல் இரண்டு வரியில் தான் யார், எந்தப் பாறையில் என்ன அளந்தாள். அடுத்து அவருடைய ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, தன் சுரங்கத்தில் கண்டது அதோடு எங்கே பொருந்தவில்லை என்று ஒரு கேள்வி. கடைசியில், அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா, அதற்கு நிதி இருக்கிறதா என்று நேராகக் கேட்பது. கூடவே இரண்டு பக்கத் தன்விவரம். மொத்தம் இருநூறு சொல். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான்.

வரும் பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும். ‘விண்ணப்பியுங்கள், வாழ்த்துகள்’ என்பது மரியாதை மட்டுமே. ‘ஒரு நாள் பேசலாமா’ என்பதுதான் உண்மையான பதில். ‘சொந்த நிதி இருந்தால் வரலாம்’ என்பதற்கு இல்லை என்று அர்த்தம். அதைக் கேட்டுவிட்டு வங்கிக்கு ஓடாதீர்கள்.

இனி பணம். நிதியுதவிக் கடிதத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். கற்பித்தல் உதவியாளர் என்றால் இளநிலை மாணவர்களின் ஆய்வக வகுப்பை நடத்தி விடைத்தாள் திருத்துவது. ஆராய்ச்சி உதவியாளர் என்றால் பேராசிரியரின் மானியத்தில் ஊதியம் வாங்கி ஆய்வு செய்வது. கல்வி பருவத்தில் வாரம் 20 மணி நேரம்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கற்பித்தல் பணிக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தனி மதிப்பெண் கேட்கும் இடங்கள் உண்டு. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவள் என்பதால், இதற்கு இப்போதே பயிற்சி தொடங்கச் சொன்னேன்.

கணக்குக்காக ஒரு கடிதம் வைத்துக்கொள்வோம்: கல்விக் கட்டண விலக்கு, ஒன்பது மாதத்துக்கு 24,000 டாலர். கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. ஒன்பது மாதம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கோடை மூன்று மாதம் சம்பளம் இல்லை என்றால், பன்னிரண்டால் வகுத்து மாதம் 2,000. கல்விக் கட்டணம் போனாலும் ‘இதரக் கட்டணம்’ என்று ஒன்று பெரும்பாலும் நிற்கும். ஆண்டுக்கு 1,800 என்று வைத்தால் மாதம் 150. மருத்துவக் காப்பீட்டில் மாணவர் பங்கு 50, வரி சுமார் 100. மிச்சம் 1,700. அதில் பகிர்ந்து தங்கும் அறைக்கு 700 போனால் 1,000 நிற்கும். சிக்கனமாக இருந்தால் போதும், ஊருக்கு அனுப்ப மிஞ்சாது. இதை அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

விமான டிக்கெட், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், 185 டாலர் விசாக் கட்டணம், அறை முன்பணம் ஆகியவற்றைப் பொதுவாக யாரும் தர மாட்டார்கள். ஆகஸ்டில் போனால் முதல் சம்பளம் செப்டம்பரில்தான் கைக்கு வரும். எல்லாவற்றுக்கும் மூன்று, நான்கு லட்சம் புரட்ட வேண்டும். பட்டறைக்காரரால் அது முடியும், பத்திரத்தைத் தொட வேண்டாம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: எத்தனை ஆண்டுக்கு உறுதி? கோடையில் ஊதியம் உண்டா? பேராசிரியரின் மானியம் நின்றுபோனால் துறை கற்பித்தல் பணி தருமா? 2025-இல் அமெரிக்க அரசு பல ஆராய்ச்சி மானியங்களை நடுவிலேயே நிறுத்தியதால், கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. அங்கே இப்போது படிக்கும் மாணவர் ஒருவரோடு தனியே பேசவும் கேளுங்கள். அதற்குத் தயங்கும் பேராசிரியரை நான் நம்ப மாட்டேன்.

கிளம்பும்போது அப்பா கேட்டார்: இடம் வந்தால் உடனே ஒப்புக்கொள்ளாவிட்டால் போய்விடாதா? அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம். மாமன் போன் செய்து அவசரப்படுத்தினால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் அதைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.