இலக்கியம் படிக்கப் போகும் மாணவிக்குப் பரிந்துரைக் கடிதம்

கேள்வி: மொரீஷியஸில் எச்எஸ்சி எழுதப்போகும் என் மாணவி இங்கிலாந்தில் ஆங்கில இலக்கியம் படிக்க யுகாஸ் வழியாக விண்ணப்பிக்கிறாள். கடிதத்தில் "நன்றாகப் படிப்பாள், ஒழுக்கமானவள்" என்பதைத் தாண்டி என்ன எழுதுவது?

நானும் இங்கே அப்பர் சிக்ஸ் வகுப்புக்கு இலக்கியம் எடுக்கிறவள்தான். முதலில் படிவத்தைப் பாருங்கள். 2024 சேர்க்கையிலிருந்து அது மூன்று பகுதி, மூன்றும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள்தான். முதல் பகுதி பள்ளியைப் பற்றியது, அதைப் பெரும்பாலும் பள்ளியே எழுதி வைத்திருக்கும். இரண்டாவது, நோய், வீட்டில் இழப்பு மாதிரி படிப்பைப் பாதித்த விஷயங்களுக்கு. உடல்நிலை பற்றியோ வீட்டு விஷயம் பற்றியோ எழுதுமுன் மாணவியிடம் கேட்டே ஆகவேண்டும். மூன்றாவதுதான் உங்களுக்கு உரியது. எதிர்பார்க்கும் கிரேடுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதைக் கடிதத்தில் திரும்ப எழுதி இடத்தை வீணாக்காதீர்கள்.

அந்தப் பகுதியைப் படிக்கிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது இந்தப் பெண் எப்படி வாசிக்கிறாள் என்பதை. அதனால் அவள் எழுதிய ஒரே ஒரு கட்டுரையை எடுங்கள். என் மாணவி ஒருத்தி ஒதெல்லோ பற்றி எழுதிய முதல் கட்டுரையில் இயாகோ பொய் சொல்லிப் பொறாமையைத் தூண்டுகிறான் என்று எல்லாரையும் போலத்தான் எழுதியிருந்தாள். எந்த வரியில் பொய் சொல்கிறான், காட்டு என்றேன். மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியை எடுத்துப்போய், மறுவாரம் வேறு கட்டுரையோடு வந்தாள்: காட்சியின் தொடக்கத்தில் அவன் குற்றமே சாட்டவில்லை, காசியோ நேர்மையானவன் இல்லையா என்று ஒதெல்லோ கேட்டால் "நேர்மையா, பிரபு?" என்று அதே சொல்லைத் திருப்பிக் கேட்கிறான், சந்தேகத்தை ஒதெல்லோவே நிரப்பிக்கொள்கிறான். கடிதத்தில் இதைத்தான் எழுதினேன், முதல் வடிவம் என்ன, நான் கேட்டது என்ன, அவள் எதைக் கண்டாள் என்று ஐந்தாறு வரியில். "நுணுக்கமான வாசகி" என்று தனியாகச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அப்புறம், வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும், சனிக்கிழமை தமிழ் என்று வளர்ந்த பிள்ளை என்பதைப் பரிதாபமாக எழுதாதீர்கள். அது அவள் வாசிப்பில் எங்கே தெரிகிறதோ அந்த இடத்தைக் காட்ட முடிந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவள் தன் சுய அறிக்கையில் சொன்னதையே நீங்களும் சொன்னால் புதிதாக ஒன்றும் சேராது, அதனால் அதை முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் கடைசித் தேதி அக்டோபர் 15, அதாவது நம் எச்எஸ்சி பரீட்சை நடக்கிற சமயம். கட்டுரைகளை ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கி, பரீட்சைக்கு முன் கடிதத்தை முடித்துவிடுங்கள்.