ஆறு பீட், இரண்டு கணக்கு: ஹெமியோலாவை எங்கே தேடுவது?

கேள்வி: வால்ட்ஸ், மினுவெட் எல்லாம் மூன்று பீட் என்கிறார்கள். ஆனால் சில இடங்களில் கேட்கும்போது திடீரென்று இரண்டு இரண்டாக எண்ணத் தோன்றுகிறது, அப்புறம் தானாகவே மூன்றுக்குத் திரும்பிவிடுகிறது. இதுதான் ஹெமியோலாவா? நோட்டேஷனில் எதுவும் மாறவில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

ஆமாம், பெரும்பாலும் அதுதான். 3/4 தாளத்தில் அடுத்தடுத்த இரண்டு பார்களை எடுத்துக்கொண்டால் மொத்தம் ஆறு பீட். வழக்கப்படி அது ‘தகிட தகிட’. அதே ஆறு பீட்டை, வேகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், ‘தக தக தக’ என்று வாசித்தால் ஹெமியோலா. கையால் சீராகத் தட்டிக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். தட்டு மாறாது, அழுத்தம் விழும் இடம் மட்டும் மாறும். நோட்டேஷனில் ஒன்றும் தெரியாததற்கும் அதுவே காரணம். பார் கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், இசைதான் அவற்றைக் கண்டுகொள்ளாமல் போகும்.

பலரும் இதை அழுத்தத்தில் தேடுகிறார்கள். எந்த சுரம் சத்தமாக விழுகிறது என்று பார்ப்பார்கள். பரோக் இசையில் அப்படித் தேடினால் கிடைக்காது. ஹார்ப்சிகார்டில் ஒரு சுரத்தை மட்டும் ஓங்கி அடித்துச் சத்தத்தைக் கூட்ட முடியாது, ஆனால் ஹார்ப்சிகார்டில் ஹெமியோலா நன்றாகவே கேட்கும். பார்க்க வேண்டியது பேஸ் வரியை: கார்டு எந்த பீட்டில் மாறுகிறது என்பதை.

ஒரு சின்ன உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். சி மேஜரில் ஒரு மினுவெட், பகுதியின் முடிவு நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை பாருக்கு ஒரு கார்டு என்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது பேஸ் இப்படி வருகிறது: முதல் பாரில் எஃப், எஃப், ஜி. இரண்டாம் பாரில் அதே ஜி, அப்புறம் ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி ஜி, ஜி. மூன்றாம் பாரின் முதல் பீட்டில் சி, முடிந்தது. பார் கோட்டை மறந்துவிட்டு இந்த ஆறு சுரங்களை மட்டும் பாருங்கள்: எஃப் இரண்டு, மேல் ஜி இரண்டு, கீழ் ஜி இரண்டு. இவற்றின் மேல் வரும் கார்டுகளும் அப்படியே: எஃப் மேஜர் இரண்டு பீட், ஜி-யை அடியில் வைத்த சி மேஜர் இரண்டு பீட், ஜி மேஜர் இரண்டு பீட். அதாவது கார்டு மாறுவது முதல் பாரின் மூன்றாம் பீட்டிலும் இரண்டாம் பாரின் இரண்டாம் பீட்டிலும். இரண்டாம் பாரின் முதல் பீட்டில், வழக்கமாக எல்லாம் மாற வேண்டிய இடத்தில், ஒன்றுமே மாறவில்லை.

இதுதான் அடையாளம். முடிவுக்கு முந்தைய இரண்டு பார்களில், மூன்றாம் பீட்டில் புதிய கார்டு வந்து, அது பார் கோட்டைத் தாண்டி அப்படியே நீடித்தால் (பல நேரம் மேல் வரியில் ஒரு டை வளைவும் இருக்கும்), அங்கே ஹெமியோலா இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு அடுத்த பாரின் இரண்டாம் பீட்டிலும் கார்டு மாறினால் சந்தேகமே வேண்டாம்.

ஹேண்டலைக் கேட்டால் இது சீக்கிரம் பழகிவிடும், ஏனென்றால் மூன்று பீட் இசையில் அவர் முடிவுகளை இப்படி அமைப்பது வழக்கம். நடனம் இல்லை என்றாலும், ‘மெசையா’வில் (1741-இல் எழுதியது) ‘அண்ட் த க்ளோரி ஆஃப் த லார்ட்’ பகுதி நல்ல நடன நடையில் 3/4-இல் போகும். ஆல்ட்டோ குரல்கள் நுழைவதற்குச் சற்று முன், வாத்தியங்களின் முன்னிசை முடியும் இடத்தில் ‘தக தக தக’ சொல்லிப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். அங்கே இசை சற்று அகலமாகி, வேகம் குறைவதுபோலத் தோன்றும். ஆனால் வேகம் குறையவில்லை. மூன்று பீட் நீளமாக இருந்த அலகு இரண்டு பீட்டாகி, அந்த இரண்டு பார்களும் சேர்ந்து மூன்று பெரிய பீட் கொண்ட ஒரே பெரிய பாராகக் கேட்கின்றன. முடிவு வருகிறது என்று சொல்ல வேகத்தைத் தொடாமலேயே ஒரு வழி. ஆடுகிறவர்களுக்கு வாசிக்கும்போது வேகத்தில் கை வைக்க முடியாது என்பதை நினைத்தால், இது எவ்வளவு வசதியான உத்தி என்பது தெரியும்.

சரி, ஆடுகிறவர்கள் தடுமாற மாட்டார்களா? மாட்டார்கள். மினுவெட்டின் அடிப்படை அடவே ஆறு பீட் நீளம், அதாவது இரண்டு பார். அந்த ஆறு பீட்டில் நான்கு காலடிகள். பரவலாக இருந்த ஒரு வகையில் ஆறாம் பீட்டில் முழங்காலை மடக்கி ஒன்றில் எழுந்து அடி வைப்பார்கள். மறுபடி இரண்டில் மடக்கி மூன்றில் எழுவார்கள். நான்கும் ஐந்தும் சாதாரண அடிகள். ஆக, கால் தரையில் மாறுவது ஒன்று, மூன்று, நான்கு, ஐந்தில். இதில் ஒன்று, மூன்று, ஐந்து என்பது ‘தக தக தக’. ஒன்று, நான்கு என்பது ‘தகிட தகிட’. இரண்டு கணக்கும் காலிலேயே இருக்கின்றன. இசை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடவு மாற வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மினுவெட்டை ‘ஒன்-டூ-த்ரீ’ என்று பாருக்குப் பாராகக் குத்தி வாசிப்பதைக் கேட்க எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

வாசிப்பவர்கள் இதைக் கெடுப்பது எப்போதும் ஒரே இடத்தில்தான்: இரண்டாம் பாரின் முதல் பீட். பழக்கத்தில் அங்கே ஒரு அழுத்தம் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு அழுத்தம் போதும், ஹெமியோலா மறைந்து, கார்டுகள் தப்பான இடத்தில் மாறுவதுபோலத் தடங்கலாகக் கேட்கும். அந்த பீட்டை லேசாக விட்டுவிட்டு, அதற்கடுத்த இரண்டாம் பீட்டைக் கொஞ்சம் தனியாகப் பிரித்து வாசித்தால் போதும். பென்சிலால் அந்தப் பார் கோட்டை அடித்துவிட்டு, மூன்று ஜோடிகளுக்கும் மேலே மூன்று கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் பீட்டில் கனம் விழுவதெல்லாம் ஹெமியோலா ஆகாது. சரபாந்த் நடனத்தில் இரண்டாம் பீட் கனப்பது அதன் குணம். அங்கே ஒவ்வொரு பாரும் முதல் பீட்டில் புதிதாகத்தான் தொடங்குகிறது. ஆறு பீட்டையும் மூன்று சம ஜோடிகளாகப் பிரிக்க முடிந்தால் மட்டுமே ஹெமியோலா.

பிரெஞ்சு வகை குராந்த் தனி ரகம். பாகின் ‘இங்கிலிஷ் ஸ்வீட்’ என்ற நடனத் தொகுப்புகளில் இருப்பவை அந்த வகை. அவற்றில் 3/2 தாளத்தில் ஒரு பாருக்குள்ளேயே ஆறு கால்நோட்டுகள். வழக்கமாக ‘தக தக தக’ போவது, பகுதி முடியும் பாரில் ‘தகிட தகிட’ ஆகிவிடும். மேலே சொன்னதற்கு நேர் எதிர்த் திசை.

இன்னும் ஒரு படி கீழே இறங்கி, ஒரே 3/4 பாருக்குள்ளேயே இந்த விளையாட்டை ஆடலாம். மூன்று பீட்டைப் பாதிப் பாதியாக உடைத்தால் ஆறு சுரம். அவற்றை மூன்று ஜோடிகளாக இல்லாமல் இரண்டு ‘தகிட’வாகச் சேர்த்தால், மூன்று பீட் பார் இரண்டு பீட் பாராகக் கேட்கும். பாகின் ஐந்தாம் பார்ட்டிட்டாவில் (ஜி மேஜர், 1730) ‘டெம்போ தி மினுவெட்டோ’ என்ற பகுதி பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. தாளில் 3/4, காதில் 6/8. வாக்கியங்கள் முடியும் இடங்களில் நேரான மூன்று பீட் தலைகாட்டும்போதுதான் இது மினுவெட் என்பதே நினைவுக்கு வரும்.

வால்ட்ஸுக்கு வருவோம். ஷோபானின் ‘மினிட் வால்ட்ஸ்’ (ஓபஸ் 64, முதல் வால்ட்ஸ், 1847) நீங்கள் கேட்டிருப்பீர்கள். தொடக்கத்தில் வலது கை மட்டும் சுழல்கிறது: ஜி, ஏ ஃப்ளாட், சி, பி ஃப்ளாட், திரும்ப அதே நான்கு. நான்கு அரை பீட் சுரம் என்றால் இரண்டு பீட். அந்தச் சுழல் மூன்று பீட் பாருக்குள் அடங்காமல், ஒரு பாரில் இரண்டாம் பீட்டில் தொடங்கி, அடுத்ததில் முதல் பீட்டிலும் மூன்றாம் பீட்டிலும் தொடங்கும். இடது கை இன்னும் வரவில்லை என்பதால் முதல் பீட் எது என்று கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. ஐந்தாம் பாரில் இடது கை ‘பூம்-சிக்-சிக்’ என்று நுழைந்ததும்தான் இது வால்ட்ஸ் என்று புரிகிறது. வாசிப்பவருக்கு மட்டும் முதல் பாரிலிருந்தே மூன்று மனதில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் இடது கை தடுமாறி நுழையும்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஏ ஃப்ளாட் வால்ட்ஸ், ஓபஸ் 42 (1840). எட்டு பார் நீளும் ஈ ஃப்ளாட் ட்ரில்லுக்குப் பிறகு இடது கை கண்டிப்பான மூன்று. வலது கையில் பாருக்கு ஆறு சுரம், அதில் முதலாவதும் நான்காவதும் மெட்டு, மற்றவை நிரப்பல். ஆக மெட்டு இரண்டு பீட்டில் பாட, துணை மூன்று பீட்டில் ஆடுகிறது. ஹேண்டலிடம் எல்லாரும் சேர்ந்து ‘தக’வுக்கு மாறினார்கள்; இங்கே இடது கை மாற மறுக்கிறது. கண்டிப்பானவர்கள் இதை ஹெமியோலா என்று சொல்லாமல், இரண்டுக்கு மூன்று என்று மட்டும் சொல்வார்கள். வேர் ஒன்றுதான், ஆனால் கேட்கும் அனுபவம் வேறு என்பதால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

வாசிக்கும்போது சிக்கல் அந்த நான்காவது சுரத்தில். இடது கையின் இரண்டாம் பீட் மூன்றாவது சுரத்தோடும், மூன்றாம் பீட் ஐந்தாவது சுரத்தோடும் விழும். மெட்டின் நான்காவது சுரம் அவை இரண்டுக்கும் சரியாக நடுவில், இடது கை ஒன்றும் அடிக்காத நேரத்தில் விழ வேண்டும். கை அசந்தால் அது பக்கத்து பீட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும்; மெட்டு நொண்ட ஆரம்பிக்கும். இன்னொரு தப்பு, இடது கையும் மெட்டுக்கு வளைந்து மூன்றாம் பீட்டை விழுங்கிவிடுவது. அப்போது மொத்தமும் 6/8 குதியாட்டமாகிவிடும். நிரப்பல் சுரங்களை எடுத்துவிட்டு, மெட்டின் இரண்டு சுரங்களை மட்டும் இடது கையோடு மெதுவாக வாசித்துப் பாருங்கள். ‘சேர்ந்து, இடது, வலது, இடது’ என்ற வரிசை வந்தால் சரியாக இருக்கிறது. அது நிலைத்த பிறகு மற்ற நான்கு சுரங்களையும் சேர்க்கலாம்.