டுபாய் வேலைக்குத் தெரிவான பின் அட்டெஸ்டேஷன் பற்றி எச்.ஆர். பிரிவிடம் என்ன கேட்பது?

கேள்வி: டுபாய் நிறுவனமொன்றில் கணக்காளராகத் தெரிவாகியிருக்கிறேன். "அட்டெஸ்ட் செய்த பட்டச் சான்றிதழை 30 நாட்களுக்குள் தரவும்" என்று எச்.ஆர். எழுதியிருக்கிறார்கள். நான் கொழும்பில் இருக்கிறேன். அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும்? கேட்டால் தவறாக நினைப்பார்களா?

பதில்:

கொழும்பில் வேலைவாய்ப்பு முகவர் நிலையமொன்றின் ஆவணப் பகுதியில் இருப்பதால் இதே வசனத்தை அடிக்கடி பார்க்கிறேன். பல நாட்டவருக்கும் ஒரே வார்ப்பில் அனுப்பப்படும் வசனம் என்பதால், விளக்கம் கேட்பதை எவரும் தவறாக எடுப்பதில்லை. ஆனால் எழுதுவதற்கு முன் உங்கள் பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகம் எந்த நாட்டினுடையது என்பதைப் பாருங்கள். அட்டெஸ்டேஷன் என்பது சான்றிதழ் உண்மையானது என்று உரிய அலுவலகங்களில் ஒன்றன்பின் ஒன்றாக முத்திரை பெறுவது; எங்கே படித்தீர்கள் என்பதல்ல, சான்றிதழ் எங்கே வழங்கப்பட்டது என்பதே அதற்கான வழியைத் தீர்மானிக்கிறது.

இலங்கைப் பல்கலைக்கழகப் பட்டமென்றால் வழி குறுகியது: வழங்கிய நிறுவனத்தின் உறுதிப்படுத்தல், பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, கொழும்பிலுள்ள அமீரகத் தூதரகம், இறுதியாக அமீரகத்தின் வெளிவிவகார அமைச்சு. கொழும்பில் தனியார் கல்வி நிறுவனமொன்றில் படித்து பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் சிக்கல். அந்தச் சான்றிதழ் பிரித்தானிய ஆவணம். அதை முதலில் அங்குள்ள சொலிசிட்டர் அல்லது நொத்தாரிசு உறுதிப்படுத்த வேண்டும். பிறகு பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தின் முத்திரையும், இலண்டனிலுள்ள அமீரகத் தூதரகத்தின் முத்திரையும் பெற வேண்டும். பத்தரமுல்லை வரிசையில் நின்று இதை முடிக்க முடியாது. இரு பக்கக் கூரியரையும் சேர்த்தால் 30 நாட்கள் போதாமல் போகலாம்.

வெள்ளவத்தையைச் சேர்ந்த ஒருவருக்குச் சென்ற வருடம் இப்படித்தான் ஆயிற்று. பட்டம் பிரித்தானியாவினது, நிறுவனம் கொடுத்த தவணை ஒரு மாதம். ஆங்கிலத்தில் அவர் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது:

"எனது பட்டத்தைப் பிரித்தானியப் பல்கலைக்கழகம் வழங்கியது; படிப்பு கொழும்பில், முழுநேரமாக நடைபெற்றது. அட்டெஸ்டேஷன் இலண்டன் ஊடாகச் செய்யப்பட வேண்டுமென அறிகிறேன், உறுதிப்படுத்தவும். முத்திரைகள் மூலச் சான்றிதழில் வேண்டுமா, உறுதிப்படுத்திய பிரதியில் போதுமா? 30 நாட்கள் ஒஃபரில் கையெழுத்திட்ட தேதியிலிருந்தா, வேறு தேதியிலிருந்தா? வேர்க் பெர்மிட் விண்ணப்பத்துக்கு முன்பே முழுச் சான்றிதழ் தேவையா, அல்லது கூரியர் ரசீதை வைத்து விண்ணப்பத்தைத் தயார் செய்வீர்களா? அமீரக வெளிவிவகார அமைச்சின் முத்திரையை யார் பெறுவார்கள், செலவு யாருடையது?"

பதில் இரண்டு வரிதான். மூலச் சான்றிதழிலேயே முத்திரை வேண்டும். தவணை கையெழுத்திட்ட நாளிலிருந்து, ஆனால் அனுப்பியதற்கான ரசீதைக் காட்டினால் நீட்டிக்கலாம். அமீரகத்தில் இறுதி முத்திரையை நிறுவனமே பெறும். அந்த ஒரு மின்னஞ்சல் இல்லாவிட்டால் அவர் பிரதியை அனுப்பிவிட்டு மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்திருப்பார். எல்லா நிறுவனங்களும் இதே பதிலைத் தராது என்பதால், நண்பரின் அனுபவத்தை வைத்து முடிவெடுக்காமல் உங்கள் எச்.ஆரின் பதிலை எழுத்தில் பெறுங்கள். தொலைபேசியில் சொன்னதைக்கூட, "இன்று தாங்கள் கூறியபடி" என்று தொடங்கும் ஒரு சிறு மின்னஞ்சலாக அன்றே அனுப்பிவிடுங்கள்.

படிப்பு நடந்த முறையையும் இடத்தையும் கேள்வி வருவதற்கு முன்பே கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது. அமீரகத்தில் பட்ட அங்கீகாரம் கேட்கப்பட்டால், தொலைக்கல்வியா நேரடி வகுப்பா என்பது கவனிக்கப்படும். பல்கலைக்கழகத்திடம் இதற்கான கடிதத்தைப் பெற நேரமாகும். சான்றிதழிலுள்ள பெயரையும் கடவுச்சீட்டிலுள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வித்தியாசமிருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். நம்மவர்களுக்குத் தந்தை பெயர் முன்னால் வருவதும், ஓரிடத்தில் முதலெழுத்து மட்டும், இன்னோரிடத்தில் முழுப்பெயர் இருப்பதும் வழக்கம், எச்.ஆருக்கு அது இரண்டு நபர்களாகத் தெரியும்.

நாட்களைக் கணக்கிடும்போது, டுபாயில் அரச அலுவலகங்களுக்கு வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை என்பதையும், இங்கு போயா தினங்களில் அரச அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போயா பற்றி அங்குள்ளவர்களுக்குத் தெரியாது. தவணைக்குள் அப்படி ஒரு நாள் வந்தால் தேதியோடு குறிப்பிடுங்கள்.

வேலை பார்க்கும் இடத்தில் இராஜினாமாக் கடிதம் கொடுப்பதை, வேர்க் பெர்மிட்டும் நுழைவு அனுமதியும் கையில் வரும்வரை தள்ளிவையுங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பதை இப்போதே எச்.ஆரிடம் சொல்லிவிட்டால், சேரும் தேதியை அவர்கள் அதற்கேற்பக் குறிக்க இடமிருக்கும். வேலைக்கான நுழைவு அனுமதி வழங்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் பயணிக்க வேண்டியிருப்பதால், அது எப்போது எடுக்கப்படும் என்பதையும் கேட்டு வையுங்கள்.