ஜப்பானிய ரயில் சீட்டில் தேதியும் பெட்டியும் செல்லுபடிக் காலமும்

கேள்வி: பட்டர்வொர்த்திலுள்ள எங்கள் தொழிற்சாலையிலிருந்து பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்புகிறார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ செல்ல, ஒருவருக்கு இரண்டு சீட்டு வீதம் அங்குள்ள அலுவலகம் வாங்கி அனுப்பியிருக்கிறது. எல்லாமே ஜப்பானிய மொழியில் உள்ளன. 4, 3 என்ற எண்களில் எது மாதம்? பெட்டியும் இருக்கையும் எவை? சீட்டு எத்தனை நாள் செல்லும்?

பதில்: இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் உங்கள் பயணம் முழுமையாகும். நம் ஈடிஎஸ் ரயிலுக்கு ஒரே சீட்டு போதும். ஜப்பானிய ரயில்வேயோ தூரத்துக்கான அடிப்படைக் கட்டணத்துக்கு ஒரு சீட்டும், ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் ஏறுவதற்கான கூடுதல் கட்டணத்துக்கு இன்னொரு சீட்டும் தருகிறது. சில வேளைகளில் இரண்டும் ஒரே சீட்டில் அச்சாகியிருக்கும். உங்களுக்குத் தனித்தனியாக வந்திருக்கின்றன. எது எது என்பதை மொழி தெரியாமலே பிரித்தறியலாம். ஒரே தேதியும், அதையடுத்துப் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் இருப்பது அதிவேக ரயில் சீட்டு. நேரமே இல்லாமல், ஒரே வரியில் இரண்டு தேதிகள் இருப்பது அடிப்படைக் கட்டணச் சீட்டு.

ஜப்பானில் மாதம் முன்னே வரும், நாள் பின்னே வரும். நாள் முதலில் எழுதிப் பழகிய நாம் 4, 3 என்பதை மார்ச் 4 என்று படித்துவிடுவோம். ஆனால் அது ஏப்ரல் 3. ஒவ்வோர் எண்ணுக்கும் வலப்பக்கம் உள்ள எழுத்தைக் கவனித்தால் ஐயம் தீரும். அடிப்பக்கம் திறந்து, உள்ளே இரண்டு குறுக்குக் கோடுகள் இருந்தால் அந்த எண் மாதம். நாற்புறமும் மூடிய சிறு கட்டத்தின் நடுவே ஒரே கோடு இருந்தால் அந்த எண் நாள். உங்களுடன் பணிபுரியும் சீன நண்பர்கள் இந்த இரண்டு எழுத்துகளையும் பார்த்தவுடனே உறுதிப்படுத்துவார்கள்.

சீட்டின் அடியில், இடப்பக்கம், ஆண்டுடன் சிறிய எழுத்தில் இன்னொரு தேதி இருக்கும். எடுத்துக்காட்டாக 2026.-2.18 என்று இருந்தால், அது சீட்டு வழங்கப்பட்ட நாளான 2026 பிப்ரவரி 18. ஒற்றை இலக்க எண்ணுக்கு முன் சுழியம் போடாமல் ஒரு சிறு கோடு இடுவது அவர்கள் வழக்கம். பயணத் தேதியோடு ஆண்டு அச்சாகாததால், ஆண்டுள்ள இந்த வரியையே பயண நாளாகக் கொள்பவர்கள் உண்டு. அந்தத் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, அதிவேக ரயில் சீட்டில் பெட்டியும் இருக்கையும். ரயிலின் பெயரை அடுத்து அதன் எண் வரும். அந்த எண்ணுக்குப் பின்னும் பெட்டி எண்ணுக்குப் பின்னும் ஒரே எழுத்து நிற்பதால், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள எளிதில் இடமுண்டு. பெட்டி எண்ணில் மட்டும் அதைத் தொடர்ந்து மேலும் ஓர் எழுத்து இருக்கும்: ஒரு நெடுங்கோடு மேலிருந்து கீழ்வரை ஊடுருவிச் செல்லும் கட்டம் போன்றது. டோக்கியோ–கியோட்டோ தடத்தில் ஓடும் நொசோமி ரயிலுக்கு 16 பெட்டிகள். ஆகவே 225 போன்ற எண் பெட்டியாக இருக்க முடியாது. பெட்டி எண்ணை அடுத்து வரும் எண் இருக்கை வரிசை. அதன்பின் ஓர் ஆங்கில எழுத்து. 7, 12, E என்று அடுத்தடுத்து இருந்தால் 7ஆம் பெட்டி, 12ஆம் வரிசை, E இருக்கை. சாதாரண வகுப்பில் ஒருபுறம் A, B, C என மூன்றும், மறுபுறம் D, E என இரண்டும் இருக்கும். E சன்னலோரம்; வானம் தெளிவாக இருந்தால் புஜி மலை அந்தப் பக்கம் தெரியும். ரயில் ஏறத்தாழ 400 மீட்டர் நீளம் என்பதால், நடைமேடையில் குறித்துள்ள பெட்டி எண்ணைப் பார்த்து முன்கூட்டியே அங்கே போய் நில்லுங்கள்.

செல்லுபடிக் காலத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அடிப்படைச் சீட்டின் இரண்டு தேதிகளில் முதலாவது தொடக்கநாள், இரண்டாவது கடைசி நாள். தூரம் 400 கிலோமீட்டருக்கு மேல் 600 வரை என்றால் 4 நாள் செல்லும், டோக்கியோ–கியோட்டோ 513.6 கிலோமீட்டர் என்பதால், ஏப்ரல் 3 தொடங்கும் உங்கள் சீட்டில் ஏப்ரல் 6 என்று முடிவுநாள் இருக்க வேண்டும். இதைப் பார்த்து அதிவேக ரயில் சீட்டும் 4 நாள் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். அது குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு உரியது. வழியில் நகோயாவில் இறங்கி ஓரிரவு தங்கினால், அடிப்படைச் சீட்டு மறுநாளும் செல்லும். அதிவேக ரயில் சீட்டு அத்துடன் முடிந்துவிடும், மறுநாளுக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். ரயிலைத் தவறவிட்டால், அதே நாளில் பின்னால் வரும் ரயில்களின் முன்பதிவற்ற பெட்டியில் ஏறலாம், ஆனால் உங்கள் இருக்கைக்கு உரிமை இராது. புத்தாண்டு, ஏப்ரல் இறுதி முதல் மே தொடக்கம், ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகிய நெரிசல் காலங்களில் நொசோமியில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுப் பெட்டிகளாகிவிடும். அப்போது அதில் நின்றுகொண்டே பயணம் செய்ய நேரும்.

நுழைவாயில் பொறியில் இரண்டு சீட்டுகளையும் ஒன்றாகச் செலுத்துங்கள். மறுபக்கம் வெளிவரும் இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவில் வெளியேறும்போது அவை மீண்டும் தேவைப்படும்.