இரண்டு கோடும் ‘பேரர்’ என்ற சொல்லும்: முதல் செக் போடுபவர்களின் கேள்விகள்

வங்கியில் கிளியரிங் மேசையில் பல வருடம் இருந்தவன் நான். பே-இன் ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தயங்கி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

“இப்போதுதான் கணக்குத் தொடங்கினேன். கையில் ஒரு செக் இருக்கிறது. ஸ்லிப்பில் ‘டிராயி பேங்க்’ என்று ஒரு கட்டம். அங்கே என் வங்கியின் பெயரைத்தானே எழுத வேண்டும்?”

இல்லை. செக் தாளில் எந்த வங்கியின் பெயர் அச்சாகியிருக்கிறதோ, அதுதான் டிராயி.

செக்கை ஒரு கடிதமாக நினைத்துப் பாருங்கள். ஒருவர் தன் வங்கிக்கு, ‘இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு’ என்று எழுதுகிறார். எழுதிக் கையெழுத்துப் போடுபவர் டிராயர். கடிதம் எந்த வங்கிக்கோ அது டிராயி. பணம் யாருக்கோ அவர் பேயீ. உங்கள் வங்கி இந்த மூவரில் சேராது. உங்களுக்காக அந்தப் பணத்தை வசூலித்துத் தரும் வேலை மட்டும்தான் அதற்கு.

உங்கள் கணக்கு ‘அ’ வங்கியில், செக் ‘ஆ’ வங்கியுடையது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லிப்பின் மேலே இன்றைய தேதி, உங்கள் கணக்கு எண், உங்கள் பெயர். செக் விவரம் கேட்கும் கட்டத்தில் செக் எண், செக்கில் போட்டிருக்கும் தேதி, ‘ஆ’ வங்கி, அதன் கிளை, தொகை. கிழித்துக் கையில் தரும் அடிக்கட்டையிலும் இதே விவரங்கள். அப்புறம் செக்கின் பின்பக்கம் உங்கள் கணக்கு எண்ணையும் பெயரையும் எழுதிவிடுங்கள். ஸ்லிப்பும் செக்கும் பிரிந்துபோனாலும் யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம்.

டிராயி கட்டத்தில் உங்கள் வங்கியை எழுதிவிட்டாலும் பணம் பெரும்பாலும் வந்துவிடும். செக்கின் அடியில் உள்ள குறியீட்டு வரியை வைத்துத்தான் அது போகிறது. ஆனால் செக் நடுவில் தொலைந்தால் உங்களிடம் மிஞ்சுவது அடிக்கட்டை ஒன்றுதான். அதில் தவறான வங்கி இருந்தால், எந்தச் செக்கைப் போட்டீர்கள் என்று காட்ட வழியில்லாமல் போய்விடும்.

“பேரர் என்றால் செக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்தானே? நான் தம்பியிடம் கொடுத்து அனுப்பப் போகிறேன். அவன் பெயரை எங்கே எழுதுவது?”

எங்கேயும் எழுத வேண்டாம். உங்கள் கணக்கில் போடுவதற்காகச் செக்கை யார் கொண்டுபோனாலும் வங்கிக்கு ஒன்றுதான். ஸ்லிப்பில் ‘செலுத்துபவர் கையெழுத்து’ என்று இருந்தால் தம்பி அங்கே கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான்.

செக்கில் பேயீ பெயருக்கான கோட்டின் முடிவில் ‘ஆர் பேரர்’ என்று அச்சாகியிருக்கும். அது வேறு விஷயம். ‘பெயர் உள்ளவருக்கோ, இதைக் கொண்டுவருபவருக்கோ கொடு’ என்று அதற்குப் பொருள். மூலையில் இரண்டு கோடு போடாத செக்கில் அந்தச் சொல் அப்படியே இருந்தால், டிராயி வங்கியின் கவுண்டரில் அதை நீட்டுபவர் ரொக்கமாக வாங்கிக்கொண்டு போகலாம். வழியில் கண்டெடுத்தவருக்கும் அதில் பணம் கிடைத்துவிடக்கூடும். அந்தச் சொல்லை டிராயர் அடித்துவிட்டால் செக் ‘ஆர்டர்’ செக் ஆகிவிடும். அப்போது பேயீயோ, பேயீ பின்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தவரோதான் பெற முடியும். வங்கியும் ஆளை விசாரித்துத்தான் பணம் தரும்.

“ஐந்து வருடமாகச் செக் எழுதுகிறேன். மூலையில் இரண்டு கோடு போட்டாலே போதும், பெயர் உள்ளவர் கணக்குக்கு மட்டும்தான் போகும். பேரரை அடிக்கவெல்லாம் தேவையில்லை. சரிதானே?”

பாதி சரி. மீதிப் பாதியில்தான் பணம் கைமாறிப் போகிறது.

இரண்டு கோடு போட்டால் கவுண்டரில் ரொக்கம் கிடைக்காது, ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் பணம் போகும். யாருடைய கணக்கு என்பதை அந்தக் கோடுகள் சொல்வதில்லை. நீங்கள் வீட்டு உரிமையாளர் பெயருக்கு ஒரு செக் எழுதுகிறீர்கள். கோடு போட்டாயிற்று, ‘ஆர் பேரர்’ அடிக்கவில்லை. அவர் அதைத் தான் கடன்பட்ட ஒருவரிடம் கொடுத்துவிடலாம், அந்த ஆள் தன் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். இது முறையாகவே நடப்பதுதான். ஆனால் திருடிய ஒருவர் தன் கணக்கில் போட முயன்றாலும், செக்கின் முகப்பில் அதைத் தடுக்கும் சொல் எதுவும் இல்லையே? கணக்கு வழியாகப் போனதால் யார் எடுத்தார் என்று பிறகு கண்டுபிடிக்கலாம். கோட்டினால் கிடைக்கும் பாதுகாப்பு அதுதான்.

பேயீ கணக்கைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது என்றால், கோடுகளுக்கு நடுவே ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதுங்கள். வசூலிக்கும் வங்கி வேறொருவர் கணக்கில் அதைச் சேர்க்காது. பேரரையும் அடித்துவிடுங்கள், ஒரு கோடு இழுக்கிற வேலைதான். ‘நாட் நெகோஷியபிள்’ என்றும் சிலர் எழுதுவார்கள். செக் கைமாறுவதை அது தடுக்காது. திருடியவரிடமிருந்து விவரம் தெரியாமல் ஒருவர் வாங்கியிருந்தாலும் அவருக்கு அதில் உரிமை வராது, அவ்வளவே.

“எனக்கு வந்த செக்கில் கோடும் இல்லை, பேரரும் அடிக்கப்படவில்லை. இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் வங்கிக்குப் போக முடியும். பையிலேயே வைத்திருக்கப் பயமாக இருக்கிறது.”

நீங்களே கோடு போட்டுவிடுங்கள். டிராயர்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இந்தியாவின் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், 125-வது பிரிவில், கோடில்லாத செக்கைக் கையில் வைத்திருப்பவரே கோடிடலாம் என்கிறது. பிரிட்டனின் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே உரிமை உண்டு. கோடுகளுக்கு நடுவே உங்கள் வங்கியின் பெயரை எழுதினால் இன்னும் நல்லது. அப்புறம் அந்த வங்கி மூலமாக மட்டும்தான் வசூலாகும்.

பேரர் என்ற சொல்லை மட்டும் நீங்கள் தொட வேண்டாம், அது டிராயர் செய்ய வேண்டியது. இன்னொன்று: கோடு போட்டுவிட்டால் பிறகு மனம் மாறி கவுண்டரில் ரொக்கம் கேட்க முடியாது.

“செக்கில் என் பெயருக்கு முன்னெழுத்து இல்லை. வங்கிக் கணக்கில் இருக்கிறது. ஏற்றுக்கொள்வார்களா?”

உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முன்னெழுத்து மட்டும் விட்டுப்போயிருந்தால் பல கிளைகளில் வாங்கிக்கொள்வார்கள். அதே பெயரில் இன்னொரு வாடிக்கையாளர் இருந்தால் தயங்குவார்கள், தொகை பெரிதாக இருந்தால் கேள்வி கேட்பார்கள். பெயரே வேறு மாதிரி எழுதியிருந்தால், அழைக்கும் பெயர் ஒன்று கணக்கில் உள்ள பெயர் ஒன்று என்றால், திருப்பிவிடத்தான் வாய்ப்பு அதிகம். நீங்களாகப் பேனாவால் முன்னெழுத்தைச் சேர்க்காதீர்கள். மை மாறினாலே திருத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். டிராயர் பக்கத்தில் இருந்தால், கணக்கில் உள்ளபடி பெயரெழுதி வேறு செக் வாங்கிவிடுவதுதான் என் யோசனை.

“ஸ்லிப்பில் சீல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் பணம் வந்துவிட்டதுதானே? நாளைக்கே எடுக்க வேண்டும்.”

செக்கை வாங்கிக்கொண்டோம் என்பதற்குத்தான் அந்த சீல். டிராயி வங்கி தன்னிடம் உள்ள கணக்கைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, சரி என்ற பிறகுதான் பணம் உங்களுடையது. சில வங்கிகளில் தொகை முன்னதாகவே கணக்கில் தெரியும், ஆனால் எடுக்க முடியாது. இருப்பு என்று ஒரு தொகையும், எடுக்கக்கூடியது என்று வேறொரு தொகையும் காட்டும். இரண்டாவதைப் பாருங்கள்.

செக் பெட்டியில் போட்டிருந்தால் சீலும் இருக்காது. என் சொந்தச் செக் ஒன்றை அப்படிப் பெட்டியில் போட்டுவிட்டு, போட்டேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறேன். நாளைக்குப் பணம் வேண்டும் என்கிற அவசரத்தில் இருக்கும் நீங்கள், இன்றே கிளைக்குப் போய் எந்த நாளில் வசூலாகும் என்று கேட்டுவிடுங்கள். போகும்போது அடிக்கட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.